வீடு தாமதமானால் பில்டரிடம் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: ஓ.எம்.ஆர். பக்கம் 1,000 சதுர அடி ஃபிளாட் ஒன்றை 70 லட்சம் ரூபாய்க்கு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு வாங்கினேன். 6 மாத சலுகைக் காலத்தையும் சேர்த்து 2023 ஜூன் 30-க்குள் தருவதாக எழுதியிருந்தார்கள். 60 லட்சம் கட்டிவிட்டேன். இப்போது 2025 பிப்ரவரி முடியப்போகிறது. "வீடு தயார், மீதி 10 லட்சத்தைக் கட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், தாமதத்துக்கு ஒப்பந்தப்படி சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் கழித்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பணி நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. மாதம் 18,000 ரூபாய் வாடகையும் வங்கித் தவணையும் கட்டி வருகிறேன். 5 ரூபாய்தான் எனக்கு உரியதா?

பதில்:

இல்லை. அந்த 5 ரூபாய்க் கணக்கில் 20 மாதத் தாமதத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 1 லட்சம் ரூபாய். நீங்கள் சொன்ன விவரங்களையும் சில உத்தேசத் தேதிகளையும் வைத்துப் பார்த்தால், ரெரா சட்டப்படி கேட்கக்கூடியது ஏறத்தாழ 10.67 லட்சம். இந்தத் தொகை எப்படி வருகிறது என்று கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அந்த ஒரு கையெழுத்தைச் சரிசெய்வதுதான் கடினம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்லும் சட்டத்தில், உங்களுக்கு வேண்டியது பிரிவு 18. ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குள் பில்டர் வீட்டை ஒப்படைக்கவில்லை என்றால் வாங்கியவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு என்கிறது அது. வீடே வேண்டாம் என்று விலகி, கட்டிய பணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பப் பெறுவது முதல் வழி. விலகாமல் வீட்டுக்காகக் காத்திருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறுவது இரண்டாவது. எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, பில்டருடையது அல்ல. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்பதால் மனுவில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இந்த முடிவை எடுத்துவிட வேண்டும். "வீடும் வேண்டும், இல்லாவிட்டால் பணமும் வேண்டும்" என்று இரண்டு மனமாக எழுதப்பட்ட மனுக்கள் விசாரணையில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வட்டி விகிதத்தை ஒப்பந்தம் தீர்மானிப்பதில்லை, விதி தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி பாரத ஸ்டேட் வங்கி கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். வட்டி விகிதங்களில் மிக உயர்ந்தது எதுவோ அதோடு 2 சதவீதம் கூட்ட வேண்டும். அந்த விகிதம் அவ்வப்போது மாறும். மனு போடும்போது வங்கியின் இணையப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வசதியாக இங்கே மொத்தம் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். இது தனிவட்டி, கூட்டு வட்டி அல்ல.

இனி, நீங்கள் விலகாமல் வீட்டில் தொடர்வதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பணம் கட்டிய தேதிகளைச் சொல்லவில்லை. ஆகவே ஒரு உதாரணமாக, 2021 ஜனவரி 1-இல் 14 லட்சம், 2022 ஜனவரி 1-இல் 20 லட்சம், 2023 ஜனவரி 1-இல் 20 லட்சம், 2024 ஜனவரி 1-இல் 6 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். தாமதம் தொடங்குவது 2023 ஜூலை 1. அன்றைக்கு பில்டர் கையில் இருந்த உங்கள் பணம் 54 லட்சம். 11 சதவீத வட்டி ஆண்டுக்கு 5,94,000, மாதத்துக்கு 49,500 ரூபாய். அந்த ஆண்டு டிசம்பர் வரையிலான 6 மாதத்துக்கு 2,97,000 ஆகிறது. 2024 ஜனவரியில் கட்டிய 6 லட்சமும் சேர்ந்தபின் மாத வட்டி 55,000 ரூபாய். 2025 பிப்ரவரி முடிய 14 மாதத்துக்கு 7,70,000. இரண்டும் சேர்த்து 10,67,000 ரூபாய். சான்றிதழோடு முறையாக வீடு கைக்கு வரும் வரை மாதம் 55,000 ஏறிக்கொண்டே போகும். உங்களிடம் இருக்கும் ரசீதுகளின் தேதிகளைப் போட்டு இதே முறையில் கணக்கிட்டு, ஒரு தாளில் அட்டவணையாக எழுதி மனுவோடு இணையுங்கள். பில்டருக்குக் கட்டிய தொகை மட்டுமே இதில் வரும். பதிவுத்துறைக்குக் கட்டிய முத்திரைத்தாள் செலவு வராது.

பில்டருக்கு நீங்கள் தரவேண்டிய பாக்கி 10 லட்சம் என்கிறீர்கள். அவர் உங்களுக்குத் தரவேண்டியது அதைவிடச் சற்று அதிகம். அதனால்தான் இந்தக் கட்டத்தில் கடிதத்தில் கையெழுத்து வாங்க இவ்வளவு அவசரம்.

விலகும் வழியில் கணக்கு வேறு. அங்கே வட்டி, தாமதம் தொடங்கிய நாளிலிருந்து அல்ல, ஒவ்வொரு தொகையும் கட்டப்பட்ட நாளிலிருந்தே ஓடும் என்று கேட்கலாம். மேலே சொன்ன அதே தேதிகளை வைத்தால் முதல் 14 லட்சத்துக்கு 50 மாதம், அடுத்த 20 லட்சத்துக்கு 38 மாதம், மூன்றாவது தவணைக்கு 26 மாதம், கடைசி 6 லட்சத்துக்கு 14 மாதம். மொத்த வட்டி சுமார் 18.92 லட்சம். அசல் 60 லட்சத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 79 லட்சம்.

தொகையைப் பார்த்ததும் விலகுவதே லாபம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2021-இல் 70 லட்சத்துக்குப் பேசிய வீடு அதே பகுதியில் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அது 95 லட்சமாகியிருந்தால், 79 லட்சத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவது பில்டருக்குத்தான் லாபம். அவர் அதே வீட்டை மறுநாள் புது விலைக்கு விற்பார். திரும்பி வரும் பணம் முதலில் வங்கிக் கடனை அடைக்கப் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். கட்டடம் பாதியில் நின்றுபோயிருந்தால் விலகுவதில் அர்த்தம் உண்டு. உங்கள் கட்டடம் நிமிர்ந்து நிற்கிறது, சான்றிதழ்தான் பாக்கி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வீட்டில் தொடர்ந்து வட்டியைக் கேட்பேன்.

விலகுவதில் தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இங்கே நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கப்படி, நிலத்தில் உள்ள பிரிபடாத பங்கை, அதாவது யூ.டி.எஸ்.ஸை, முதலிலேயே உங்கள் பெயருக்குக் கிரயம் செய்துவிட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் நீங்கள் வெறும் முன்பதிவுதாரர் அல்ல, நிலத்தின் ஒரு பங்குக்கு உரிமையாளர். விலகுவதென்றால் அந்தப் பங்கைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது பத்திரத்தின் செலவு யாருடையது, முதல் பத்திரத்துக்கு நீங்கள் செலவழித்த முத்திரைத்தாள் கட்டணத்தை யார் ஈடுகட்டுவது என்பதையெல்லாம் மனுவிலேயே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். "பணம் முழுவதும் கைக்கு வந்த பிறகே பத்திரத்தைத் திருப்பி எழுதித் தருவேன், அதற்கான செலவு எதிர்மனுதாரருடையது" என்ற ஒரு வாக்கியம் இல்லாததால், உத்தரவு கிடைத்த பிறகும் யார் முதலில் செய்வது என்று இரு தரப்பும் இழுத்தடிப்பது உண்டு.

எந்தத் தேதியிலிருந்து தாமதம் என்பதில் பில்டர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "ரெரா பதிவில் திட்டம் முடியும் தேதி 2025 டிசம்பர் என்று இருக்கிறது, ஆணையமே நீட்டித்துத் தந்திருக்கிறது, ஆகவே தாமதமே இல்லை" என்பார்கள். பதிவில் உள்ள தேதி பில்டருக்கும் ரெரா ஆணையத்துக்கும் இடையிலானது. பிரிவு 18 பேசுவது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தேதியைப் பற்றி. சட்டம் ஒப்பந்தத் தேதியைத் திருத்தி எழுதவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் நீல்கமல் ரியல்டர்ஸ் வழக்கில் 2017-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சலுகைக் காலம் உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் அந்த 6 மாதத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

அடுத்து வருவது இயற்கைச் சீற்றம், கொரோனா, மணல் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை என்ற பட்டியல். சட்டத்தின் பிரிவு 6 தவிர்க்க முடியாத காரணம் என்று ஏற்பது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களை. மணலும் ஆளும் கிடைக்காதது வியாபாரத்தின் இடர். அதை வாங்குபவர் சுமக்க வேண்டியதில்லை. மிக்ஜாம் புயலைக் காட்டினால் தேதியைப் பாருங்கள்: அது 2023 டிசம்பரில் வந்தது, உங்கள் வீடு அந்த ஜூனிலேயே வந்திருக்க வேண்டும். கொரோனாவின் முதல் ஊரடங்கைப் பார்த்த பிறகுதான் 2021 ஜனவரியில் இந்தத் தேதியை அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் அலையின் ஊரடங்குக்கு இரண்டொரு மாதம் கழித்தாலும் உங்கள் கணக்கில் பெரிதாக எதுவும் குறையாது. உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் சொன்னதையும் மேற்கோள் காட்டலாம்: தேதிக்குள் வீடு வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது, எதிர்பாராத நிகழ்வுகளோ நீதிமன்றத் தடைகளோ அதைக் குறைக்காது, விலகாதவருக்குத் தாமதக் காலத்துக்கான வட்டி உண்டு என்றது அந்தத் தீர்ப்பு.

உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறதா என்று இந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு தவணையைத் தாமதமாகக் கட்டியிருந்தால் பில்டர் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அந்த நாள்களுக்கு அவர் வட்டி கேட்கலாம். ஆனால் அதே விகிதத்தில்தான் கேட்க முடியும். இரு தரப்புக்கும் ஒரே வட்டி என்று சட்டம் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள், நீங்கள் தாமதித்தால் 18 சதவீதம் என்றோ அதைப் போலவோ இருக்கும். பில்டர் தாமதித்தால் சதுர அடிக்கு 5 ரூபாய். உங்கள் 60 லட்சத்தின் மீது அந்த 5 ரூபாயைச் சதவீதமாக்கினால் ஆண்டுக்கு வெறும் 1 சதவீதம் வருகிறது.

இந்த 5 ரூபாய் ஷரத்து சென்னைக்கு மட்டும் உரியதல்ல. நாடு முழுவதும் பில்டர்களின் ஒப்பந்தங்களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். பெங்களூரில் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் கட்டிய குடியிருப்பு ஒன்றில் இதே சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய்தான் எழுதியிருந்தது. விங் கமாண்டர் அரிஃபுர் ரஹ்மான் கான் என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த 5 ரூபாய் வாங்குபவரின் உரிமைக்கு உச்சவரம்பு அல்ல என்று சொல்லி, அதற்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியை இழப்பீடாகத் தரச் சொன்னது நீதிமன்றம். அதற்கு முந்தைய ஆண்டு பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில், ஒருதலைப்பட்சமாக எழுதிய ஒப்பந்த ஷரத்துகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது, அப்படி எழுதுவதே முறையற்ற வணிக நடைமுறை என்றும் சொல்லியிருந்தது. நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று பில்டரின் ஆள் கேட்டால், இந்த இரண்டு தீர்ப்புகளும்தான் பதில்.

பெங்களூர் வழக்கில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. சாவி வாங்கிக்கொண்டவர்கள், கிரயம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் உரிமையை இழந்துவிட்டார்கள் என்று அந்த நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீடு வேண்டுமென்றால் இழப்பீட்டை மறந்துவிடு என்று ஒருவரை நெருக்கடியில் நிறுத்த முடியாது என்றது. ஆனால் அந்த வழக்கிலேயே 11 பேருக்கு இந்த இழப்பீடு கிடைக்கவில்லை. அவர்கள் பில்டரோடு தனியாகச் சமரசப் பத்திரம் எழுதிக்கொண்டவர்கள். உங்களிடம் நீட்டப்பட்டிருக்கும் கடிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" அல்லது "இனி எந்த உரிமைகோரலும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி நிச்சயம் இருக்கும். இரண்டாம் பக்கத்தின் அடியில், பராமரிப்புக் கட்டண விவரங்களுக்கு நடுவில்கூட இருக்கலாம். தேடிப் படியுங்கள்.

பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் "வீடு தயார்" என்பது சட்டத்தின் பார்வையில் ஒப்படைப்பே அல்ல. அந்தச் சான்றிதழைப் பெற்றுத் தருவது பில்டரின் கடமை என்று ரெரா சட்டத்திலேயே இருக்கிறது. நிறைவுச் சான்றிதழும் தீயணைப்புத் துறைச் சான்றும் இல்லாமல் சாவியை நீட்டுவது செல்லுபடியாகும் ஒப்படைப்பு ஆகாது என்று ஆக்ரா வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் இது வெறும் தாள் விவகாரமும் அல்ல. சான்றிதழ் இல்லாத அடுக்குமாடிக்கு நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் வாங்குவது பெரும்பாடு. கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே குடியேற்றிவிட்டு, அதற்கான உயர்ந்த கட்டணத்தைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டும் கட்டடங்கள் உண்டு. நீங்கள் போய்ப் பார்க்கும்போது மின் மீட்டர் யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே வீடு தயாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே இப்போதைக்குச் சாவியை வாங்காமல் இருப்பதே உங்கள் வட்டிக் கணக்குக்கு நல்லது. வாங்கிவிட்டால், அன்றோடு தாமதம் முடிந்துவிட்டது என்று பில்டர் வாதிடுவார். வாடகைச் சுமை தாங்காமல் குடியேறித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன் மின்னஞ்சல் ஒன்று அனுப்புங்கள். அதில் இப்படி எழுதினால் போதும்: "நிறைவுச் சான்றிதழ் இன்னும் பெறப்படவில்லை என்பதைக் குறிப்பிடுகிறேன். 2023 ஜூலை 1 முதலான தாமத வட்டி உள்ளிட்ட என் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், நெருக்கடியின் காரணமாக மட்டுமே சாவியைப் பெற்றுக்கொள்கிறேன்." ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்திலும் இதே வாசகத்தைக் கையால் எழுதி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதவிடாமல் தடுத்தால், தடுத்தார்கள் என்பதையே அன்று மாலை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

பாக்கி 10 லட்சத்தைப் பொறுத்தவரை, பேசாமல் நிறுத்தி வைப்பது தவறான உத்தி. பணம் கட்டாதவர் என்ற பட்டம் உங்கள் மீது விழும். அந்தத் தவணை எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டியது என்று ஒப்பந்தத்தின் தவணை அட்டவணையில் பாருங்கள். "ஒப்படைப்பின்போது" என்று இருந்தால், முறையான ஒப்படைப்பு நடக்காதவரை அது கட்ட வேண்டிய தொகையே அல்ல. அதை எழுத்தில் தெரிவியுங்கள். மனுவில், தாமத வட்டியை அந்தப் பாக்கியில் கழித்துக்கொள்ள உத்தரவிடுமாறும் கேளுங்கள்.

வாடகையும் வங்கித் தவணையும் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வங்கிக் கடன் வட்டியைத் தனியாகப் பில்டர் தலையில் கட்ட முடியாது. மொஹாலி வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நீங்கள் சேமிப்பிலிருந்து கட்டினீர்களா, கடன் வாங்கிக் கட்டினீர்களா என்பது பில்டருக்குத் தேவையற்ற விஷயம், முதலீட்டுக்குக் கிடைக்கும் வட்டியே அதற்கான ஈடு. வாடகையையும் மன உளைச்சலையும் இழப்பீடாகக் கேட்கலாம், ஆனால் அதற்கு வாசல் வேறு. வட்டியும் பணம் திரும்பப் பெறுவதும் ரெரா ஆணையத்தின் முன் படிவம் எம்-இல் கேட்க வேண்டியவை. இழப்பீடு மட்டும் தீர்ப்பளிக்கும் அலுவலரின் முன் படிவம் என்-இல். இந்தப் பிரிவினையையும் நியூடெக் தீர்ப்புதான் உறுதி செய்தது. வீட்டில் தொடர்பவருக்கு வட்டியே போதும், இழப்பீடு தனியாகக் கிடையாது என்று எதிர்த்தரப்பு கடுமையாக வாதிடும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும், வங்கி வழியாக வாடகை போனதற்கான சான்றும் உங்களிடம் இருந்தால் முயன்று பார்க்கலாம். ரொக்கமாகக் கொடுத்த வாடகைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. படிவம் எம்-ஐ முதலில் போடுங்கள், உங்கள் கணக்கின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ரெரா அதைத் தடுக்காது என்று 2020-இல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்களைப் போல 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை செலுத்தியவர்கள் மாநில ஆணையத்தில் தொடங்க வேண்டும். ஆனால் ஒரே கோரிக்கைக்கு இரண்டு வாசலையும் தட்ட முடியாது. நான் ரெராவைத்தான் பரிந்துரைப்பேன். நுகர்வோர் வழக்குகளில் வட்டி விகிதம் நீதிபதிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டது. மேலே பார்த்த பெங்களூர் வழக்கில் 6 சதவீதம், 2022-இன் எக்ஸ்பீரியன் வழக்கில் பணம் திரும்பப் பெற்றவருக்கு 9 சதவீதம். ரெராவில் விகிதம் விதியிலேயே எழுதப்பட்டிருப்பதால் பேரம் பேச இடம் குறைவு. நுகர்வோர் சட்டத்தில் இரண்டு ஆண்டு காலவரம்பும் இருக்கிறது.

மனுவை rera.tn.gov.in தளத்தின் வழியாகத் தாக்கல் செய்யலாம். அதே தளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடினால், பில்டர் ஆணையத்திடம் கொடுத்த முன்னேற்ற அறிக்கைகளும் இருக்கும். உங்களிடம் "95 சதவீதம் முடிந்தது" என்று சொன்ன அதே காலகட்டத்தில் ஆணையத்திடம் என்ன எழுதிக் கொடுத்தார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல சான்று வெளியே தேடினாலும் கிடைக்காது. கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்குத் தாள், தாமதம் பற்றி அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், வட்டி அட்டவணை ஆகியவை இருந்தால் போதும். வழக்கறிஞர் இல்லாமலே வாதாடி வென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விலகும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பத்திரச் சிக்கலுக்காகவாவது ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்தபின் பில்டர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உங்களுக்குத் தரவேண்டிய முழுத் தொகையையும் வட்டியோடு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டிய பிறகுதான் அவருடைய மனுவே விசாரணைக்கு எடுக்கப்படும். பிரிவு 43-இல் உள்ள இந்த நிபந்தனையால்தான் பல பில்டர்கள் உத்தரவுக்குப் பிறகு சமரசம் பேச வருகிறார்கள். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், நில வரி பாக்கிபோல வசூலித்துத் தரும்படி வசூல் சான்றிதழ் கேட்டு ஆணையத்தையே அணுக வேண்டும். அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். மொத்தப் பயணத்திலும் மெதுவான கட்டம் இதுதான். பில்டருக்கு எங்கே விற்காத வீடுகள், காலி மனைகள் இருக்கின்றன என்ற விவரத்தை வில்லங்கச் சான்றிதழோடு நீங்களே எடுத்துக் கொடுத்தால் கோப்பு நகரும். இல்லையென்றால் அங்கேயே கிடக்கும்.

வீட்டில் தொடரும் உங்களுக்கு இந்தக் கட்டம் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் 10 லட்சம் பாக்கி உங்கள் கையில்தானே இருக்கிறது. கழித்துக்கொண்டால் அவர் தரவேண்டியது சிறு தொகை. விலகும் வழியில்தான் 79 லட்சத்தையும் அவரிடமிருந்து பிடுங்கியாக வேண்டும்.

இன்னொன்றையும் இந்த வாரமே பாருங்கள். அந்த நிறுவனத்தின் மீது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் திவால் மனு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். மனு ஏற்கப்பட்டுவிட்டால் இடைக்காலத் தடை அமலுக்கு வந்து, ரெரா மனுவும் வசூலும் நின்றுவிடும். வீடு வாங்கியவர்கள் 2018-இலிருந்து நிதிக் கடன் கொடுத்தவர்கள் என்ற வகையில் வருகிறார்கள். அந்த நிலை வந்தால் ரெரா உத்தரவு கையில் இருக்கிறது என்று காத்திருக்காமல், திவால் நடவடிக்கைக்காக நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வு அலுவலர் செய்தித்தாளில் கொடுக்கும் அறிவிப்பில் குறித்த தேதிக்குள், படிவம் சி.ஏ.வில் உங்கள் தொகையை வட்டியோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.